ஒன்பது மாதம் கழித்து எழுதும் பதில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த செய்தி. இனிமேல் போய்ப் பதில் போட்டால் அசிங்கமாக இருக்காதா?

உங்களுக்குத்தான் அப்படித் தோன்றும். பெறுபவருக்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெகி லியூவும் உடன் பணியாற்றியவர்களும் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, வெகுநாள் தொடர்பில்லாதவருக்கு ஒரு சிறு செய்தி அனுப்பும்போது அதை அவர் எவ்வளவு மதிப்பார் என்பதை அனுப்புபவர்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. செய்தி எந்த அளவுக்கு எதிர்பாராததாக இருந்ததோ அந்த அளவுக்குப் பெற்றவர் அதை மதித்தார் என்பதும் அதில் தெரிந்தது. அந்த ஆய்வு, பதில் கடன்பட்டவர்களைப் பற்றியதன்று, தாமாகத் தொடர்புகொண்டவர்களைப் பற்றியது. ஆகவே உங்கள் நிலைமையில் மகிழ்ச்சியோடு ஒரு சிறு வருத்தமும் கலந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருத்தத்துக்கு உரிய சொல்லைச் சொல்லிவிட்டால் மகிழ்ச்சி மிஞ்சும்.

தாமதம் எப்படி வளர்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதும் உதவும். செய்தி வந்த அன்று இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். ஒரு வாரம் போனபின், இரண்டு வரி போதாது, நன்றாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு மாதம் போனபின் நன்றாக எழுதுவதோடு காரணமும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் போனபின், எழுத வேண்டிய பதில் மனத்துக்குள் ஒரு கட்டுரையளவு பெருத்துவிடுகிறது, அதற்கான நேரம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கிடைப்பதில்லை. பதிலின் அளவு இப்படி நம் மனத்தில் மட்டுமே பெருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் இன்னமும் அந்த இரண்டு வரியைத்தான் எதிர்பார்த்திருந்தார். எனவே எட்டு மாதம் கழித்து எழுதும் பதிலும் கைப்பேசித் திரையில் ஒரே பார்வையில் படித்துவிடக்கூடிய நீளத்தில் இருக்கட்டும்.

"தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று போட்டால் போதாதா?

மூன்று நாள் தாமதத்துக்குப் போதும். மாதக்கணக்கில் ஆனதற்குப் போதாது, அதற்குக் காரணம் அந்தச் சொற்றொடரிலேயே இருக்கிறது.

தூர்தர்ஷனில் ஒளிபரப்பு நின்றுபோகும்போதெல்லாம் திரையில் வந்து நின்ற "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற வாசகம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதில் தடங்கல் இருந்தது, வருத்தம் இருந்தது; தடங்கலை உண்டாக்கியவர் யார் என்பது மட்டும் இல்லை. ஒரு நிலையத்துக்கு அது பொருந்தும். ஆனால் நம்மை நம்பி எழுதிய ஒருவருக்கு "தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று எழுதும்போது, அதே அறிவிப்புப் பலகையின் குரல் நமக்கும் வந்துவிடுகிறது.

தமிழில் இந்த இடத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. செய்தவரை மறைத்துச் சொல்வதற்கு நம் மொழியில் வசதியான வினைகள் நிறைய உண்டு: "தாமதமாகிவிட்டது", "விட்டுப்போய்விட்டது", "முடியாமல் போய்விட்டது", "மறந்துபோச்சு". இவற்றில் எதுவும் பொய்யில்லை என்றாலும், எல்லாம் மழை பெய்ததைப் போலத் தானாக நடந்ததாகவே ஒலிக்கின்றன. "நான் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன்" என்று எழுதிப் பாருங்கள். நீளம் ஏறத்தாழ அதேதான், ஆனால் அந்த வாக்கியத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். என் அனுபவத்தில், ஒரு நெடுந்தாமதப் பதிலில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒற்றைத் திருத்தம் இந்த வினைமாற்றம்தான்.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் உடன் ஆய்ந்தவர்களும் 2016ஆம் ஆண்டு மன்னிப்பின் ஆறு கூறுகளைத் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தார்கள். தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்வதே கேட்பவரிடம் அதிகம் எடுபட்டது. அதற்கு அடுத்து, இழப்பை ஈடுசெய்ய முன்வருவது. மிகக் குறைவாக எடுபட்டது எதுவென்றால், மன்னிக்கும்படி கேட்பது. நாமோ பெரும்பாலும் அந்தக் கடைசிக் கூறை மட்டும் எழுதி அனுப்புகிறோம், ஏனென்றால் "மன்னிக்கவும்" என்பது பொருளளவில் ஒரு கோரிக்கை; அது எதிரில் இருப்பவரிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறது. அதை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒப்புதலை முதலில் வைத்துவிட்டு, பழக்கத்தின் மரியாதைக்காக ஒருமுறை "மன்னிச்சிருங்க" என்று சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை அதே சொல் வந்தால், "பரவாயில்லை, விடுங்க" என்று அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடும்.

காரணம் சொல்ல வேண்டுமா?

உண்மையான காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். இரண்டு வாக்கியமானால் அது வாதமாக மாறத் தொடங்குகிறது.

"வேலை அதிகம்" என்பதைத் தவிர்த்துவிடுங்கள். எட்டு மாதமும் இடைவிடாமல் வேலை பார்த்தவர் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த எட்டு மாதத்தில் நீங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த கொடைக்கானல் படங்களையும் அவர் பார்த்திருப்பார். நோயும் குடும்பக் கஷ்டமும் உண்மையாகவே காரணமாக இருந்தாலும், அவற்றை முதல் செய்தியில் விரித்து எழுதினால் பேச்சு முழுவதும் உங்கள் பக்கம் திரும்பிவிடும். அவர் கேட்டது என்னவோ அது மறுபடியும் பின்னுக்குப் போகும், அவரே உங்களுக்கு ஆறுதல் எழுத உட்காருவார். "நடுவில் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது, இப்போது நன்றாக இருக்கிறார்கள், பேசும்போது சொல்கிறேன்" என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் போதும்.

பெரும்பாலான தாமதங்களின் மெய்யான காரணம் சொல்லக் கூச்சம் தருவதாக இருக்கும்: விவரமாக எழுத வேண்டும் என்று ஒத்திவைத்தோம், பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு திறக்காமல் இருந்தோம். அதையே எழுதுங்கள். கேட்பவருக்கும் அப்படி ஒரு செய்தி எங்கோ திறக்கப்படாமல் கிடக்கும். அதனால் இந்தக் காரணம் உடனே புரிந்துவிடும்.

முழுதாக ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

என் சொந்தக் கதையையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு திருநெல்வேலிப் பக்கம் ஒரு கட்டுமானப் பணியிடத்தில் நான் பொறியாளராக இருந்தபோது, அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். வேலை மாறி நான் சென்னைக்கு வந்தபின்னும் பண்டிகை நாள்களில் பேசிக்கொள்வோம். 2023 மே மாதம், பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த வாரத்தில், அவரிடமிருந்து இந்தச் செய்தி வந்தது:

"நல்லா இருக்கியளா தம்பி. பாப்பா பிளஸ் டூ முடிச்சிட்டா. மார்க்கு நல்லா வந்திருக்கு. சிவில்தான் படிக்கணும்ங்கா. பொம்பளப் பிள்ளைக்கு சைட் வேலை சரிப்படுமான்னு எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா சேத்து விட்டுருவேன்."

அன்றே படித்தேன். நிதானமாக எழுத வேண்டிய விஷயம் என்று தள்ளிவைத்தேன். பொறியியல் கலந்தாய்வு தொடங்கியபோது நினைவு வந்தது. முடிந்தபோதும் நினைவு வந்தது. அதன்பின் அவர் பெயர் திரையில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இது:

"அண்ணாச்சி, தாமதத்துக்கு ரொம்ப ரொம்ப மன்னிக்கவும். வேலைப்பளு அதிகம், நடுவுல அம்மாவுக்கும் உடம்பு சரியில்லாம போயிடுச்சு, ரெண்டு புராஜெக்ட் ஒரே நேரத்துல வந்துடுச்சு, உங்க மெசேஜைப் பார்க்கவே முடியாம போயிடுச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க. மறுபடியும் மன்னிக்கவும். எல்லாரும் எப்படி இருக்கீங்க? வேற என்ன விசேஷம்?"

அனுப்புவதற்கு முன் அவருடைய பழைய செய்தியை மறுபடி ஒருமுறை படித்தேன். என் பதிலில் அவருடைய மகளே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "பார்க்கவே முடியாம" என்பது பொய், ஏனென்றால் அன்றே நீல டிக் போயிருக்கும். அழித்துவிட்டு மறுபடி எழுதி அனுப்பியது இது:

"அண்ணாச்சி, வணக்கம். போன மே மாசம் பாப்பா படிப்பு பத்தி என்கிட்ட கேட்டிருந்தீங்க. அன்னைக்கே படிச்சேன். விவரமா எழுதணும்னு தள்ளி வச்சு, எழுதாமலே இருந்துட்டேன். கேட்ட நேரத்துல நான் சொல்லாதது தப்பு, மன்னிச்சிருங்க.

இப்ப எங்க சேர்ந்திருந்தாலும் முதல் வருஷம் பாதி முடிஞ்சிருக்கும். சிவில் எடுத்திருந்தா, லீவுல பத்து நாள் எங்க சைட்டுக்கு வரச் சொல்லுங்க. இங்க ரெண்டு பெண் இன்ஜினியருங்க இருக்காங்க, அவங்க கூடவே இருந்து பார்க்கட்டும். வேற எடுத்திருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

நீங்க குடுத்து விட்ட பனங்கற்கண்டைப் பத்தி அம்மா இன்னும் பேசுவாங்க. பாப்பா கடைசியில என்ன எடுத்தா அண்ணாச்சி?"

இதில் நான்கு வேலைகள் நடக்கின்றன, அவற்றின் வரிசையும் முக்கியம். முதல் வாக்கியம் அவர் என்ன கேட்டார் என்பதைச் சொல்கிறது. ஒன்பது மாதத்துக்கு முன் எழுதியதை அவரே மறந்திருக்கலாம், தேடிப் பார்க்கும் வேலையை அவருக்குத் தரக்கூடாது. அடுத்து ஒப்புதல், அதனோடு ஒட்டிய ஒரே காரணம். மூன்றாவதாக, அவர் கேட்டதற்கு இன்றைய நிலையில் என்ன செய்ய முடியுமோ அது வருகிறது. சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வியின் காலம் கடந்துவிட்டது, ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இருந்த பயத்தின் காலம் கடக்கவில்லை. பெண் பிள்ளைக்குப் பணியிடம் சரிப்படுமா என்ற கவலை அவருக்கு நான்கு ஆண்டும் இருக்கும். பத்து நாள் அழைப்பு அந்தக் கவலைக்கான பதில். கடைசியில், எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு பொருளும், ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய ஒரே ஒரு கேள்வியும்.

ஐந்து நாள் பதில் வரவில்லை. ஆறாம் நாள் காலையில் வந்தது: "சிவில்தான் தம்பி. அவளே அடம் பிடிச்சி சேந்துட்டா. லீவு எப்ப விடுவாங்கன்னு கேட்டுச் சொல்லுதேன்."

கேட்டதன் காலமே கடந்துவிட்டதென்றால் எதற்குப் பதில் சொல்வது?

மேலே சொன்னதைப் போல, கேள்விக்கு அடியில் இருக்கும் தேவையைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அனுப்பியவருக்கு வேண்டியிருந்தது நீங்கள் வருவது. இப்போது வர முடியாது, ஆனால் அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்டு ஒருநாள் பார்க்கப் போகலாம், மொய்யையும் அப்போது கொடுக்கலாம். வேலைக்குச் சிபாரிசு கேட்டவருக்கு அந்த வேலை போயிருக்கும், வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்கலாம்.

எதையும் ஈடுசெய்ய முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். "இனிமேல் அதைச் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை" என்ற வாக்கியம் வெறுங்கையோடு வந்தாலும் நேர்மையாக வருகிறது. செய்ய முடியாத ஒன்றைக் குற்றவுணர்ச்சியால் வாக்களித்துவிட்டு அதையும் தாமதப்படுத்துவது முதல் தவறைவிடப் பெரியது.

அவர் கடன் கேட்டிருந்தார். கொடுக்க மனமில்லாமல்தான் பதில் போடவில்லை. இப்போது பேச வேண்டும்போல் இருக்கிறது.

அப்படியானால் தாமதத்துக்கு வேறு காரணம் சொல்லாதீர்கள். அவருக்குக் காரணம் தெரியும். "அன்றைக்கு நீங்கள் கேட்டபோது என்னால் கொடுக்க முடியாத நிலை, அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன், முடியாது என்றாவது சொல்லியிருக்க வேண்டும்" என்று எழுதுங்கள். உங்கள் மௌனத்தால் அவர் இழந்தது பணத்தை மட்டுமன்று. வேறு யாரிடம் கேட்கலாம் என்று முடிவுசெய்யும் நாள்களையும் இழந்தார். ஒப்புக்கொள்ள வேண்டியது அதைத்தான். இப்போது கொடுக்கும் எண்ணம் உண்மையாக இருந்தாலொழிய "இன்னும் தேவைப்படுகிறதா?" என்று கேட்க வேண்டாம்.

தன் தந்தை இறந்த செய்தியை அனுப்பியிருந்தார். நான் ஒன்றுமே எழுதவில்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது.

இந்த ஒன்றை மட்டும் தட்டச்சு செய்து முடித்துவிடாதீர்கள். ஒரே ஊராக இருந்தால் நேரில் போங்கள். வெளியூராக இருந்தால் தொலைபேசியில் அழையுங்கள். நம் வழக்கத்தில் துக்கம் விசாரிப்பதற்குக் காலம் கடந்துவிட்டது என்ற நிலை கிடையாது. கேள்விப்பட்டது எப்போதோ, ஊருக்கு வந்தது எப்போதோ, வந்தவுடன் போய்த் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம், வீட்டார் அவர்களை ஏன் தாமதம் என்று கேட்பதில்லை. செவ்வாயும் வெள்ளியும் துக்கம் விசாரிக்கக்கூடாது என்று பல வீடுகளில் கருதுவதால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். கிளம்பும்போது "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லாமல் எழுந்துகொள்வதும் வழக்கம்.

முதலாண்டுத் திதி நெருங்கிக்கொண்டிருக்குமானால் அதுவரை காத்திருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்த நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கும் ஒருமுறை அழையுங்கள். இறந்த முதல் மாதத்தில் வீடு நிறைய ஆள் இருப்பார்கள், ஏழாம் மாதத்தில் அந்தப் பெயரைச் சொல்லிப் பேச ஆள் இருக்கமாட்டார்கள். உங்கள் தாமதமான அழைப்பு அந்த வெறுமையில் போய்ச் சேருகிறது.

பேசும்போது மன்னிப்பு ஒரு வாக்கியத்தைத் தாண்டக்கூடாது. "அன்றைக்கே அழைத்திருக்க வேண்டும், என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவருடைய தந்தையைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்: உங்கள் கல்லூரி நாள்களில் பேருந்து நிலையம் வரை சைக்கிளில் கொண்டுவந்து விட்டாரா, சாப்பிடாமல் அனுப்பமாட்டாரா, எதுவானாலும் சரி. அதன்பின் அவர் பேசுவார். இந்தச் செய்தி உங்களுக்கு மிக நெருக்கமில்லாத ஒருவரிடமிருந்து வந்து, அழைக்குமளவு பழக்கம் இல்லையென்றால் மட்டும் எழுதலாம், அப்போது "நலமா?" என்று தொடங்காதீர்கள், கடைசியில் கேள்வியும் வைக்காதீர்கள்.

பழசைக் கிளறாமல், ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்பி அப்படியே பேச ஆரம்பித்துவிட்டால் என்ன?

வாட்ஸ்அப்பில் உங்கள் வாழ்த்துப் படத்துக்கு நேர் மேலே அவருடைய பதில் கிடைக்காத செய்தி நிற்கும். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவீர்கள். அவர் "நன்றி, உங்களுக்கும்" என்று அனுப்புவார், பேச்சு அங்கேயே நிற்கும். பண்டிகை நாளில் எழுதுவது நல்ல வாய்ப்புதான், ஆனால் படத்தை விட்டுவிட்டு அவர் பெயர் சொல்லி எழுதுங்கள். பழைய செய்தியை அழுத்திப் பிடித்து அதற்கே பதிலாக அனுப்பினால் எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதும் கூடவே போய்ச் சேரும்.

அந்த எண் இன்னும் அவரிடம்தான் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நியாயமான கவலை. இந்தியாவில் ஒரு பிரீபெய்டு எண்ணைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமலும், கணக்கில் குறைந்தபட்சத் தொகை இல்லாமலும் இருந்தால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்தபின் குறைந்தது 90 நாள் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போகலாம். ஆக ஓராண்டு கழித்து எழுதுகிற செய்தி முற்றிலும் அறியாத ஒருவரிடம் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

எனவே முதல் செய்தியில் அவருடைய வீட்டு விஷயத்தையோ நோயையோ பணத்தையோ எழுதாதீர்கள். "வணக்கம் அண்ணாச்சி, நான் இன்னார் எழுதுகிறேன், இது உங்கள் எண்தானே? போன வருஷம் நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அதற்குத்தான் எழுதுகிறேன்" என்ற அளவு போதும். முகப்புப் படமும் பெயரும் மாறியிருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். பாதுகாப்புக் குறியீடு மாறியதாக ஒரு வரி உரையாடலில் தென்பட்டால், அவர் புதுக் கைப்பேசி வாங்கியிருக்கலாம், செயலியை மறுபடி நிறுவியிருக்கலாம், அல்லது எண் கைமாறியிருக்கலாம். அதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒற்றை டிக்கோடு நாள்கணக்கில் நின்றால், பொது நண்பர் ஒருவரிடம் எண்ணைக் கேட்பதே நேர்வழி.

எழுதுவதா, குரல் பதிவா, அழைப்பா?

அவர் எந்த வழியில் வந்தாரோ அதே வழியில் போங்கள். எழுதியவருக்கு எழுத்து, குரலில் பேசியவருக்குக் குரல். முன்னறிவிப்பில்லாத அழைப்பில் அவர் அந்த நொடியிலேயே "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டியதாகிறது. எழுத்து அவருக்கு யோசிக்க நேரம் தருகிறது. எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் மட்டும் இதற்கு விலக்கு, அவர்களை அழைத்துவிடுங்கள்.

பேராசிரியருக்கோ முன்னாள் மேலதிகாரிக்கோ மின்னஞ்சல் என்றால், புதிதாகத் தொடங்காமல் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள், அவர் எழுதியதும் கீழே இருக்கும். அங்கே நடை சற்று மாறும்: "மதிப்பிற்குரிய ஐயா, கடந்த ஜூலையில் தாங்கள் அனுப்பிய கட்டுரையை உடனே படித்தேன், கருத்து எழுதுவதாகச் சொல்லிவிட்டு எழுதாமல் இருந்தது என் தவறு" என்று தொடங்கி, அடுத்த பத்தியிலேயே கட்டுரையைப் பற்றிய கருத்துக்குப் போய்விட வேண்டும்.

பதில் போட்டேன். நீல டிக் வந்துவிட்டது, ஆனால் அவர் ஒன்றும் எழுதவில்லை.

நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு சிறு பங்கையாவது அவருக்கும் கொடுங்கள். இரண்டு வாரமாவது பேசாமல் இருங்கள். "பார்த்தீங்களா?" என்றோ கேள்விக்குறியை மட்டுமோ அனுப்பாதீர்கள், மன்னிப்பை மறுபடி எழுதாதீர்கள். ஒரு மாதம் போனபின், அவருக்கு உண்மையில் பயன்படும் அல்லது அவரை உண்மையில் நினைவூட்டும் ஏதாவது ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், அதைப் பதில் எதிர்பார்க்காத தொனியில் ஒருமுறை அனுப்பலாம். அதற்கும் மௌனம் என்றால் அவர் விரும்பவில்லை என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். இனி எழுத வேண்டாம் என்று முன்பே சொன்னவருக்கு முதல் செய்தியே அனுப்பக்கூடாது. குற்றவுணர்ச்சியை இறக்கிவைக்க இன்னொருவரின் தொலைபேசி இடமன்று.

அவர் பதில் போட்டுவிட்டார். இதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"வேற என்ன விசேஷம்?" என்பதை விட்டுவிடுங்கள். அதற்கு "ஒண்ணும் இல்ல, நீங்க சொல்லுங்க" என்பதைத் தவிரப் பதில் கிடையாது. நம் பழைய கடிதங்களில் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கும்போது அடுத்த வரியிலேயே மழை பெய்ததா, மாடு கன்று ஈன்றதா, தம்பி ஊருக்கு வந்தானா என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். அந்த இரண்டாவது வரிதான் நமக்கு வேண்டியது. அவருடைய பதிலில் வரும் ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி "அடம் பிடிச்சி" என்று எழுதியிருந்தார். யாரிடம் அடம் பிடித்தாள், உங்களிடமா அவள் அம்மாவிடமா என்று கேட்டேன். அதற்கு அவர் நான்கு நிமிடக் குரல் பதிவு அனுப்பினார்.

இரண்டாவது பதிலை அன்றே அனுப்பிவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதம் கழித்து வந்த முதல் செய்தியை அவர் நம்பலாமா என்பது, அடுத்த செய்திக்கு நீங்கள் எவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதிலேயே தெரியும்.

மறுபடியும் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது?

நான் செய்வது இரண்டு. விவரமாகப் பதில் எழுத வேண்டிய செய்தி வந்தால், படித்தவுடன் ஒரு நாளைக் குறிப்பிட்டு ஒரு வரி அனுப்பிவிடுகிறேன்: "படிச்சேன் அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை எழுதுறேன்." "அப்புறம் எழுதுறேன்" என்றால் அந்த அப்புறம் வராது. அடுத்து, அந்த உரையாடலை மேலே பொருத்திவைக்கிறேன். வாட்ஸ்அப்பில் மூன்று உரையாடல்களை இப்படி முதலில் நிறுத்தலாம். மூன்று இடமும் நிரம்பியிருந்தால் எனக்கு மூன்று பதில் பாக்கி என்று பொருள், நான்காவதை ஏற்பதற்கு முன் ஒன்றையாவது எழுதி முடிக்கிறேன்.

அண்ணாச்சியின் மகள் அந்த ஆண்டு விடுமுறையில் வந்தாள். பத்து நாள் என்று சொல்லியிருந்தேன், பதினான்கு நாள் இருந்தாள். கிளம்பும் அன்று மாலை அவளிடம் எங்கள் பணியிடத்துப் பாதுகாப்புத் தலைக்கவசம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அதைப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கும் படத்தை அண்ணாச்சி மறுநாள் எனக்கு அனுப்பினார். அன்றே பதில் எழுதினேன்.